பழைய டெரஸ் வீட்டில் பவர்லைன் அடாப்டர்: லைன் 300, மாடியில் வருவது 38

ஜெலுத்தோங்_மாடி | செவ்வாய், இரவு 9:12

வணக்கம். வீடு பினாங்கு ஜெலுத்தோங்கில், வரிசையின் நடுவில் உள்ள இரண்டு மாடி டெரஸ். 70களில் கட்டியது. பின்பக்கத்துச் சமையலறையும் அதன் மேலே உள்ள அறையும் பின்னாளில் நீட்டிக் கட்டியவை. ஃபைபர் 300 எம்பிபிஎஸ், ரவுட்டர் கீழே முன் ஹாலில். வேலை பார்க்கும் மேசை மாடியில் அந்தப் பின் அறையில். வைஃபை அங்கே ஒரு கோடுதான் காட்டும்.

அதனால் வீட்டு மின்கம்பி வழியாகவே நெட்டை அனுப்பும் பவர்லைன் அடாப்டர் ஒரு ஜோடி வாங்கினேன், பெட்டியில் 1000 என்று போட்டது. ஆப்பில் 142 என்று காட்டுகிறது, வேகம் பார்த்தால் 38. இரவில் ஏர்கோன் போட்டால் 15க்கு இறங்கி மீட்டிங்கில் குரல் அறுகிறது. அடாப்டர் பழுதா, வீட்டு வயரிங்கா? எப்படிக் கண்டுபிடிப்பது?

செந்தூல்வாசி | செவ்வாய், இரவு 9:40

அக்கா, இது ஈஎல்சிபி பிரச்சினை, கரண்ட் கசிஞ்சா கட் பண்ற சுவிட்ச். அது சிக்னலைத் தடுக்கும். 2000 மாடல் மாத்துங்க, அதுல மூணு கம்பியையும் பயன்படுத்துது. என் கொண்டோவுல 250 சர்வ சாதாரணமா வருது.

பழைய_வயர்மேன் | செவ்வாய், இரவு 10:25

தம்பி, பாதி சரி. ஈஎல்சிபி என்று நாம் சொல்லும் ஆர்சிசிபிக்குள் லைவும் நியூட்ரலும் ஒரே வளையத்துக்குள் சேர்ந்துதான் போகும். சாதாரண அடாப்டரின் சிக்னல் அந்த இரண்டு கம்பிக்கு நடுவில் ஓடுவதால், ஒன்றில் போவது மற்றதில் திரும்பி, வளையத்துக்குள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அதனால் அங்கே இழப்பு பெரிதாக இருக்காது. ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனியாக இருக்கும் எம்சிபி சுவிட்ச் வேறு கதை. அதற்குள் ஒரு சுருள் இருக்கிறது, 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்கு அது ஒன்றுமில்லை, மெகாஹெர்ட்ஸில் ஓடும் சிக்னலுக்கு அது ஒரு தடுப்பு. எது எப்படியோ, வேகத்துக்காக ஆர்சிசிபியைக் கழற்றலாமா என்று மட்டும் யாரும் யோசிக்க வேண்டாம். உயிர் காக்கிற சாமான் அது.

சகோதரிக்கு: நேர்த்தூரத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஹால் பிளக்கும் மாடி பிளக்கும் பார்வைக்குப் பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளி இருக்கலாம். சிக்னல் போவது ஹால் பிளக்கிலிருந்து இந்த சுவிட்சுகள் எல்லாம் இருக்கும் டிபி பாக்ஸுக்கு, அங்கே ஒரு எம்சிபி ஏறி இன்னொரு எம்சிபி இறங்கி, மாடிக்கு. வழியில் பிரியும் ஒவ்வொரு கிளையும், பயன்படுத்தாத பிளக் பாயிண்ட் உட்பட, சிக்னலில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை எதிரொலியாகத் திருப்பி அனுப்பும்.

மூன்று கேள்வி. பின்பக்கம் நீட்டியபோது தனி டிபி பாக்ஸ் வைத்தார்களா? மீட்டர் ஒற்றை ஃபேஸா, மூன்று ஃபேஸா? கீழே அடாப்டர் சுவரிலா, எக்ஸ்டென்ஷனிலா?

ஜெலுத்தோங்_மாடி | செவ்வாய், இரவு 10:51

சமையலறை வாசலுக்கு மேலே சின்ன பாக்ஸ் ஒன்று தனியாக இருக்கிறது. மீட்டரைப் பற்றித் தெரியவில்லை, காலையில் பார்க்கிறேன். கீழே அடாப்டர் எக்ஸ்டென்ஷனில்தான். ரவுட்டர், டிவி, டெக்கோடர் எல்லாம் அதில்.

நெட்_பாயான் | செவ்வாய், இரவு 11:30

பாக்ஸை மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள், ஒரு மணி நேரம் போதும். இணையத்து வேகச் சோதனை வேண்டாம், லைன் ஏற்ற இறக்கமும் அதில் கலந்துவிடும். வீட்டுக்குள் மட்டும் அளக்க `iperf3` போதும். ஒரு லேப்டாப்பை ரவுட்டரில் கேபிளால் செருகி அதில் முதல் வரி. மாடி லேப்டாப்பை அடாப்டரில் செருகி மற்ற இரண்டும். 192.168.1.10 என்ற இடத்தில் கீழே உள்ள லேப்டாப்பின் எண்ணைப் போடுங்கள்.

```
iperf3 -s
iperf3 -c 192.168.1.10 -t 30
iperf3 -c 192.168.1.10 -t 30 -R
```

இரண்டாவது வரி மாடியிலிருந்து கீழே, `-R` போட்டது கீழிருந்து மாடிக்கு. இரண்டையும் தனித்தனியாக எழுதி வையுங்கள். ஒரு திசை மட்டும் மெலிந்தால், வாங்கும் பக்கத்து அடாப்டருக்கு அருகில் இரைச்சல் போடும் சாமான் இருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

வரிசை முக்கியம். முதலில் இரண்டு அடாப்டரையும் ஒரே இரட்டை பிளக்கில் பக்கத்தில் பக்கத்தில் செருகி அளக்கவும். அடாப்டர் பழுதா இல்லையா என்பது அங்கேயே தெரிந்துவிடும். பிறகு இப்போதுள்ள இடத்தில். பிறகு கீழே எக்ஸ்டென்ஷனை விட்டு நேராகச் சுவரில். பிறகு மாடி அறையில் சார்ஜர், விளக்கு, விசிறி எல்லாம் அணைத்து. லேப்டாப் பேட்டரியில் ஓடட்டும், சார்ஜரே பெரிய குற்றவாளியாக இருப்பதுண்டு. கடைசியில் மாடியிலேயே முன் அறை பிளக்கில். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

ஆப்பில் தெரியும் 142 இரண்டு அடாப்டரும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கச்சா வேகம். அதில் பாதி கைக்கு வந்தால் நல்ல வயரிங், மூன்றில் ஒரு பங்கு சாதாரணம். உங்கள் 38 அதையும்விடக் கொஞ்சம் கீழே. பெட்டி மேல் போட்ட 1000ஐ மறந்துவிடுங்கள்.

ஜெலுத்தோங்_மாடி | புதன், இரவு 8:05

அளந்துவிட்டேன். எல்லாம் எம்பிபிஎஸ், கீழிருந்து மாடிக்கு வரும் திசை.

ஒரே பிளக்கில் பக்கம் பக்கமாக 331. பழைய இடத்தில் 38 (எதிர்த்திசையில் 51). கீழே சுவரில் நேராகச் செருகியதும் 57. மாடி அறையில் எல்லாவற்றையும் அணைத்ததும் 66. முன் மாடி அறை பிளக்கில் 164!

ஏர்கோன் போட்டால் பின் அறையில் 66லிருந்து 30க்குக் கீழே. மீட்டர் மேல் மூன்று ஃபேஸ் என்று எழுதியிருக்கிறது.

பழைய_வயர்மேன் | புதன், இரவு 9:20

எண்கள் தெளிவாகவே பேசுகின்றன. 331 வந்ததால் அடாப்டர் இரண்டும் நலம். எக்ஸ்டென்ஷனை விட்டதும் 19 கூடியது. அதற்குள் மின்னல் பாதுகாப்பு இருந்திருக்கும், அந்தப் பாகம் பவர்லைன் சிக்னலையும் விழுங்கிவிடும். மாடி அறைச் சாமான் சத்தம் 9 மட்டும்தான். ஆகப் பெரிய ஓட்டை வயரில். 164 வரும் முன் அறை பழைய டிபி பாக்ஸில் இருக்கிறது, 66 வரும் பின் அறை சமையலறைச் சின்ன பாக்ஸில். இரண்டுக்கும் நடுவே ஒரு நீண்ட கேபிள், இரண்டு பக்கமும் மெயின் சுவிட்ச்.

மூன்று ஃபேஸ் வீட்டில் சந்தேகம் இன்னும் பலம். முன் ஹால் சிவப்பு ஃபேஸில், சின்ன பாக்ஸ் மஞ்சளிலோ நீலத்திலோ இருந்தால், சிக்னலுக்கு நேர்ப்பாதையே கிடையாது. கம்பிகள் அருகருகே படுத்திருப்பதால் ஒன்றிலிருந்து மற்றதுக்குக் கசிவது மட்டும்தான் கிடைக்கும். உங்களுக்கு 66 கிடைப்பதே அந்தக் கசிவாக இருக்கலாம். பாக்ஸ் மூடியைத் திறந்து நீங்களே பார்க்க வேண்டாம். பதிவு பெற்ற வயர்மேன் வந்தால் எந்த ஃபேஸ் என்று சில நிமிடத்தில் சொல்லிவிடுவார். அவர் வந்த கையோடு அந்த இணைப்புக் கேபிள் முனைத் திருகுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீட்டில் தளர்ந்த முனை இருந்தால் நெட் வேகத்தைவிட அதுதான் அவசரம், சூடேறிக் கருகும்.

செந்தூல்வாசி | புதன், இரவு 9:48

அண்ணே, மூணு ஃபேஸுக்கு நடுவுல போடற கப்ளர் ஒண்ணு இருக்கே, டிபி பாக்ஸுக்குள்ள. அத மாட்டினா சரியாப் போகாதா? 2000 மாடலைப் பத்தியும் ஒண்ணும் சொல்லல.

பழைய_வயர்மேன் | புதன், இரவு 10:15

2000 மாடல் லைவ்–நியூட்ரலோடு எர்த்தையும் சேர்த்துப் பயன்படுத்துகிறது, நீ சொன்னது சரி. ஆனால் இரண்டு பிளக்கிலும் ஒழுங்கான எர்த் வேண்டும். 70களின் வயரிங்கில் எர்த் கம்பி மெல்லிசாகவோ பாதியில் அறுந்தோ இருப்பதை நிறையப் பார்க்கலாம். எர்த் இல்லையென்றால் அந்த மாடலும் சாதாரண மாடல் போலத்தான் ஓடும், போட்ட காசு வீண். எர்த் வழியாகப் போகும் பாதி சிக்னல், நான் முன்பு சொன்ன அந்த வளையத்தில் ரத்தாகவும் ஆகாது. நீ முதலில் சொன்ன ஈஎல்சிபி சங்கதி உண்மையில் இங்கேதான் பொருந்தும்.

கப்ளர் பற்றி என் கருத்து: வேண்டாம். ஃபேஸுக்கு ஃபேஸ் நடுவே 400 வோல்ட் நிற்கும். அங்கே கண்ட கண்டென்சரை வைப்பதற்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

நெட்_பாயான் | புதன், இரவு 10:33

இதில் நான் ஒத்துப்போகவில்லை. சரியான தரத்தில் செய்த கப்ளரை, அதற்கென்று ஒரு எம்சிபி வைத்து, வயர்மேன் மாட்டினால் தவறில்லை. ஆனால் அந்தச் செலவில் ஒரு நல்ல கேபிளே இழுத்துவிடலாம் என்பதால், இவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

பழைய_வயர்மேன் | புதன், இரவு 10:41

அந்தக் கடைசி வரிக்காக உன்னை மன்னிக்கிறேன்.

லெபு_பாசார்_கடை | வியாழன், காலை 7:50

எதற்கு இத்தனை சண்டை? நம் கடையில் பவர்லைன் போட்டுப் பல காலம் ஆகிறது. கீழே ரெக்கார்டர், மேல்மாடியில் இரண்டு கேமரா. ஒரு நாள் கூட நின்றதில்லை. 38 வருவது எதற்குப் பத்தாது? கேமரா ஓடுகிறதா இல்லையா என்று பாருங்கள்.

நெட்_பாயான் | வியாழன், மதியம் 12:40

அண்ணே, அவர் கேட்பது கேமரா இல்லை. ஆனாலும் நீங்கள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஒரு கேமராவுக்கு 4 முதல் 8 எம்பிபிஎஸ் தாராளம், ஒரு நொடி தாமதித்தாலும் ரெக்கார்டர் கவலைப்படாது. அதற்கு 38 வந்தால் பவர்லைனே போதும், சுவரில் ஓட்டை போட வேண்டியதில்லை. மீட்டிங்குக்குச் சராசரி வேகத்தைவிட அது எவ்வளவு ஆடுகிறது என்பதுதான் பெரிது. ஜெலுத்தோங் அக்கா, வெறும் வேகம் பார்த்தோம், இப்போது இதையும் ஓட்டுங்கள். விண்டோஸில்:

```
ping -n 100 192.168.1.1
```

192.168.1.1 என்ற இடத்தில் உங்கள் ரவுட்டரின் எண். ஏர்கோன் ஓடும்போது ஒரு தடவை, நிறுத்தி ஒரு தடவை.

ஜெலுத்தோங்_மாடி | வியாழன், இரவு 9:00

ஏர்கோன் நிறுத்தி: பெரும்பாலும் 4, 5 மில்லி நொடி, இரண்டு மூன்று தடவை 30. ஏர்கோன் ஓடும்போது: 9 தொடங்கி 140 வரை போகிறது, நூறில் மூன்று தொலைந்தேவிட்டன. மீட்டிங்கில் குரல் அறுவதற்குக் காரணம் இதுதானா?

நெட்_பாயான் | வியாழன், இரவு 9:35

இதேதான். இன்வெர்ட்டர் ஏர்கோனின் உள்ளே சுவிட்ச் ஆகும் பாகங்கள் கம்பியில் இரைச்சல் போடுகின்றன. அடாப்டர் ஒரு துண்டை அனுப்பி, கெட்டுப்போனதும் மறுபடி அனுப்புகிறது. அந்த மறு அனுப்பல்தான் 140.

இன்றைக்கே செய்யக்கூடிய ஒரு தற்காலிக வழி: மாடி அடாப்டரைப் பின் அறையில் வைக்காமல், 164 வரும் முன் அறையில் செருகுங்கள். அங்கே ஒரு அக்சஸ் பாயிண்ட், பழைய ரவுட்டர் இருந்தால் அதுவே போதும். பின் அறைக்கு ஒரு செங்கல் சுவர்தான் நடுவில், 5 கிகாஹெர்ட்ஸ் அதைத் தாண்டும். பவர்லைனை அது நன்றாக ஓடும் இடத்தில் மட்டும் ஓட விட்டு, மிச்சத்தைக் காற்றில் விடுவது.

பழைய ரவுட்டரை மாற்றும் முறை: அதன் பக்கத்துக்குள் போய், `Access Point Mode` இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போகலாம். இல்லையென்றால் அதன் `LAN` முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, `DHCP` ஐ அணைத்து, அடாப்டரிலிருந்து வரும் கேபிளை `LAN` ஓட்டையில் செருகவும், `WAN` ஓட்டையில் அல்ல. நிறையப் பேர் தவறுவது இங்கேதான். `WAN` இல் செருகினால் நெட் வரும், ஆனால் வீட்டுக்குள் இரண்டு நெட்வொர்க் உண்டாகி, மாடியிலிருந்து கீழ் ஹால் பிரிண்டரைக் காண முடியாது. வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் கீழ் ரவுட்டர் போலவே இருக்கட்டும், சேனல் மட்டும் வேறு. 2.4 கிகாஹெர்ட்ஸில் கீழே 1 என்றால் மேலே 6 அல்லது 11.

செந்தூல்வாசி | வியாழன், இரவு 10:02

நேரா ஒரு மெஷ் செட் வாங்கி வெச்சா முடிஞ்சிதே. கம்பியே வேணாம்.

நெட்_பாயான் | வியாழன், இரவு 10:20

கம்பி இல்லாத மெஷ் இரண்டாவது பெட்டிக்குக் காற்றில்தானே கேட்க வேண்டும். முன் ஹாலிலிருந்து மாடிக்கு கான்கிரீட் தளம் ஒன்று. படிக்கட்டு வாய் நேராகத் தெரியும் இடத்தில் இரண்டாவது பெட்டியை வைத்தால் நன்றாகவே ஓடும். பின் அறைக்குள்ளேயே கொண்டு போய் வைத்தால் அந்த ஒரு கோடு வைஃபையைத்தான் அது திருப்பி விநியோகிக்கும்.

செந்தூல்வாசி | வியாழன், இரவு 10:31

சரி, கேபிள்னா வெளிச்சுவர் ஓரமா இழுத்து, ஏர்கோன் பைப் ஓட்டை வழியா உள்ள விடலாம். எல்லாரும் அப்படித்தான்.

ஜெலுத்தோங்_மாடி | வியாழன், இரவு 10:44

நடு லாட் தம்பி. பக்கச் சுவரே கிடையாது, இரண்டு பக்கமும் அடுத்த வீட்டார்.

பழைய_வயர்மேன் | வெள்ளி, காலை 8:15

நடு லாட்டுக்கு வழி மேலேதான். ஹாலிலிருந்து முன்சுவர் ஓரம் கேசிங்கில் ஏறி, கூரை ஓரத்தில் உள்ளே நுழைந்து, சீலிங் மேல் படுத்துப் பின் அறைக்கு இறங்குவது. கணக்கு: ஹாலில் மேலேற 2.5 மீட்டர், முன்சுவரில் 3.5, சீலிங் மேல் முன்னிருந்து பின் 17, பின் அறையில் இறங்க 2.5. ஆக 25.5. வளைவுக்கும் முனைக்கும் சேர்த்து 30 மீட்டர் வாங்குங்கள். கேட் 6 கேபிள் 100 மீட்டர் வரை போகும், அதனால் தூரம் கவலையில்லை.

இரண்டு எச்சரிக்கை. அந்தக் காலத்து வீடுகள் சிலவற்றில் சீலிங் பலகை ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமெண்டுப் பலகை. சந்தேகம் இருந்தால் அதில் துளை போடாதீர்கள், சுரண்டாதீர்கள். இருக்கிற திறப்பு வழியாக மட்டும் போகச் சொல்லுங்கள். இரண்டாவது, எலி. பினாங்கு டெரஸ் வரிசையில் கூரை எல்லாம் ஒன்றுக்கொன்று வழி, எலிக்கு அது நெடுஞ்சாலை. சும்மா போட்ட கேபிளின் மேல்தோலைக் கடித்துவிடும். 20 மில்லி பிவிசி குழாய்க்குள் விட்டு இழுங்கள். அதே குழாயில் 230 வோல்ட் கம்பியைச் சேர்க்கக் கூடாது.

ஜெலுத்தோங்_மாடி | வெள்ளி, காலை 9:30

கூரையில் பழைய டிஷ் கேபிள் ஒன்று ஹாலிலிருந்து போகிறது, இப்போது சந்தா இல்லை. அதையே நெட்டுக்குப் பயன்படுத்த முடியுமா?

நெட்_பாயான் | வெள்ளி, மதியம் 1:10

அதன் இரண்டு முனையிலும் மோகா என்ற பெட்டி போட்டால் முடியும், பவர்லைனைவிடப் பல மடங்கு நிலையாகவும் இருக்கும். ஆனால் டிஷ் கேபிள் கூரையில் போய் முடிகிறது, பின் அறையில் அல்ல. அதற்கு எளிய வேலை ஒன்று இருக்கிறது: இழுவைக் கயிறு. ஹால் முனையில் கேட் 6ஐ டேப் சுற்றிக் கட்டி, கூரையிலிருந்து டிஷ் கேபிளை இழுத்தால் புதியது பின்னாலேயே வரும். வழியில் எங்கும் ஆணி அடித்துப் பிடிக்காமல் இருந்தால்தான் நடக்கும். முதலில் மெதுவாக ஆட்டிப் பாருங்கள், நகர்கிறதா என்று.

கேபிள் வாங்கும்போது: முழுச் செம்புதான் வேண்டும். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியதும் கேட் 6 என்றே விற்கப்படுகிறது. கடையிலேயே ஒரு துண்டு முனையை உரித்து, கத்தியால் கம்பியைச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம். நாலைந்து தடவை முன்னும் பின்னும் மடித்தாலே ஒடிந்தும் விடும். அக்சஸ் பாயிண்டுக்கு அதே கேபிளில் மின்சாரம் அனுப்பினால் அலுமினியம் கூடுதலாகச் சூடாகும், ஓட்டுக் கூரைக்கடியில் அந்தச் சூடு வேறு.

வெயில் படும் முன்சுவர்ப் பகுதிக்குக் கறுப்பு வெளிப்புறக் கேபிள், அல்லது கேசிங்குக்குள் விடுங்கள்.

ஜெலுத்தோங்_மாடி | அடுத்த வியாழன், இரவு 8:40

ஆள் வைத்து இழுத்தாகிவிட்டது. டிஷ் கேபிள் அசையவில்லை, அதனால் புதுக் குழாய். பின் அறைச் சுவரில் ஒரு முகப்பு, அதிலிருந்து லேப்டாப்புக்கு. ஆனால் `iperf3` சரியாக 94 காட்டுகிறது. எத்தனை தடவை ஓட்டினாலும் 94. பவர்லைனைவிட மேல்தான், ஆனால் லைன் 300 ஆயிற்றே?

நெட்_பாயான் | வியாழன், இரவு 8:58

அசையாத 94 ஒரு கைரேகை. 100 எம்பிபிஎஸ் இணைப்பு அப்படித்தான் காட்டும். லேப்டாப்பில் `PowerShell` திறந்து இதை ஓட்டிப் பாருங்கள்:

```
Get-NetAdapter | Format-Table Name, LinkSpeed
```

100 என்று வந்தால், நான்கு ஜோடிக் கம்பியில் ஒன்று தொடவில்லை. முகப்பைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு முனையும் T568B நிற வரிசையா, ஜோடி முறுக்கைப் பிரித்த நீளம் 13 மில்லிக்குள் இருக்கிறதா, ஏதாவது கம்பி பள்ளத்தில் முழுதாக இறங்காமல் மேலே நிற்கிறதா.

ஜெலுத்தோங்_மாடி | வெள்ளி, இரவு 7:25

100 என்றுதான் வந்தது. நீங்கள் சொன்னபடியே, பழுப்பு ஜோடியில் ஒரு கம்பி பள்ளத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தது. அழுத்தியதும் 1 Gbps. `iperf3` 930க்கு மேல், ping 1 மில்லி நொடிக்குள், ஏர்கோன் போட்டாலும் அப்படியே. வயர்மேன் நாளை வருகிறார், ஃபேஸ் பார்த்துச் சொல்வார்.

மிச்சம் இருக்கிற பவர்லைன் ஜோடியை மாடி முன் அறை டிவிக்கு வைக்கலாமா?

பழைய_வயர்மேன் | வெள்ளி, இரவு 8:10

வைக்கலாம், 164 டிவிக்குப் போதும். ஆனால் பெரிய இடி மழை வந்தால் கழற்றிவிடுங்கள். மின்னல் பாதுகாப்பு எக்ஸ்டென்ஷனுக்குப் பின்னால் அதை வைக்க முடியாது என்பதால், பிளக்கில் ஏறி வரும் எல்லாவற்றையும் அது நேரடியாக வாங்கும்.

லெபு_பாசார்_கடை | சனி, காலை 7:40

நம் கடையில் மேல்மாடிக்கு மூன்றாவது கேமரா போட வேண்டும். பழைய கடைவீடு, பாரம்பரிய வட்டாரம், முன்சுவரில் ஓட்டை போட யோசனையாக இருக்கிறது. மின்சாரம் ஒற்றை ஃபேஸ்தான். மூன்றுக்கும் அதே ஜோடி தாங்குமா?

நெட்_பாயான் | சனி, காலை 10:05

இப்போதுள்ள இரண்டு கேமரா ஓடும்போதே `iperf3` ஓட்டி எண்ணைப் போடுங்கள் அண்ணே. 20க்கு மேல் மிச்சம் இருந்தால் யோசிக்கலாம்.